பிஎஸ்5-ஐ டிவியில் மாட்டியாச்சு, படம் சரியில்லை: எங்கே ஆரம்பிப்பது?

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடு வீடாகப் போய் டிவியைச் சுவரில் மாட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்புறம் வருகிற போன்களில் பாதி, சுவரைப் பற்றியதாக இருக்காது. "அண்ணா, கேம் பாக்ஸ் போட்டா படம் இருட்டா இருக்கு", "4கே டிவின்னு சொல்லித்தான் வாங்கினோம், 1080 தான் காட்டுது", "நடுவுல நடுவுல ஸ்கிரீன் அணைஞ்சு அணைஞ்சு வருது." இந்த ஊரில் இன்னொரு வகையும் உண்டு. பாரீஸிலிருந்து சித்தப்பா சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்த பிஎஸ்5. அதை மாட்டிப் படம் வரவில்லை என்றதும் "பிரான்ஸ் மெஷின் நம்ம கரண்டுக்கு ஒத்து வராதோ" என்று வீடே பயந்துபோய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கவலை வேண்டாம், அது 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். கோளாறு வேறு எங்கேயாவதுதான் இருக்கும்.

இங்கே நான் எழுதுவது பிஎஸ்5-க்கு. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர்கள் மாறும், டிவி பக்கத்து வேலை அப்படியே பொருந்தும். பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால், வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் விவரத்தோடு காட்டுகிற எச்டிஆரே அதில் கிடையாது, 1080p-க்கு மேல் போகாது, அதனால் தேடி அலைய வேண்டாம்.

## எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு பக்கத்தைப் படியுங்கள்

படம் எப்படியாவது திரையில் வருகிறது என்றால், முதல் வேலை கன்சோல் என்ன அனுப்புகிறது என்று அதையே கேட்பது.

```
Settings > Screen and Video > Video Output > Video Output Information
```

இந்தப் பக்கத்தில் இப்போது போய்க்கொண்டிருக்கும் ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், எச்டிஆர் ஓடுகிறதா இல்லையா, நிறம் RGB ஆகப் போகிறதா YUV ஆகப் போகிறதா என்று எல்லாம் இருக்கும். கூடவே, எதிரே இருக்கும் டிவி எதையெல்லாம் தாங்கும் என்று கன்சோலிடம் சொல்லியிருக்கிறதோ, அந்தப் பட்டியலும் இருக்கும். இதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் போன் செய்கிறவர்களிடம் முதலில் கேட்பது இந்த போட்டோவைத்தான். அது இல்லாமல் ஆளுக்கொரு செட்டிங்கை மாற்றிவிட்டு, எது எதை மாற்றினோம் என்று தெரியாமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

போட்டோவைப் பார்த்ததும் பாதை பிரிந்துவிடும். டிவியின் பட்டியலிலேயே 4கேவோ எச்டிஆரோ இல்லை என்றால் டிவியின் போர்ட், அல்லது நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு பெட்டி. பட்டியலில் இருக்கிறது, ஆனால் கன்சோல் அனுப்பவில்லை என்றால் கன்சோல் செட்டிங். எல்லாம் சரியாகப் போகிறது, ஆனால் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் டிவியின் படச் செட்டிங்.

## 4கே டிவி, ஆனால் 1080p தான் வருகிறது. அல்லது எச்டிஆர் இல்லை என்கிறது

நடுவில் ஏதாவது இருக்கிறதா? சவுண்ட்பார், ஸ்பிளிட்டர், இரண்டு பெட்டியை ஒரே போர்ட்டில் மாற்றி மாற்றிப் போடும் சின்ன ஸ்விட்ச், இதில் எது இருந்தாலும் கழற்றி ஓரமாக வையுங்கள். கன்சோலிலிருந்து கேபிள் நேராக டிவிக்குப் போகட்டும். கன்சோல் பெட்டிக்குள் வந்த அதே கேபிளைப் போடுங்கள். அது நல்ல கேபிள். அதைப் பத்திரமாகப் பரணில் வைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸுக்கு வந்த கேபிளில் பிஎஸ்5 ஓட்டுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிவியில் அந்த போர்ட் திறந்திருக்கிறதா? பத்தில் ஏழு வீட்டில் இதுதான். நிறைய செட்களில் டிவிக்காரர்கள் எச்டிஎம்ஐ போர்ட்டைப் பழைய பெட்டிகளுக்குத் தோதாகப் பூட்டிவைத்துதான் அனுப்புவார்கள். முழு வேகத்தில் வாங்கிக்கொள் என்று நாம்தான் போர்ட் வாரியாகச் சொல்ல வேண்டும். சாம்சங்கில் இதன் பெயர் `Input Signal Plus`, கொஞ்சம் பழைய செட்டில் `HDMI UHD Color`. எல்ஜியில் `Deep Colour` என்று முடியும் ஒரு வரி. சோனியில் `HDMI signal format`, அதில் `Enhanced format` என்று மாற்ற வேண்டும். ஷாவ்மி போன்ற செட்களில் எச்டிஎம்ஐ பதிப்பு 1.4-ஆ 2.0-ஆ என்று நேராகக் கேட்கும், 2.0 கொடுங்கள், அல்லது தானாகவே எடுத்துக்கொள்ளும்படி விடுங்கள்.

எல்லா போர்ட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். பழைய எச்டி செட்டாப் பாக்ஸ் சில சமயம் திறந்த போர்ட்டில் படம் காட்டாது. அப்புறம் சாயங்காலம் சீரியல் வரவில்லை என்று உங்கள் வீட்டிலேயே உங்களுக்கு அர்ச்சனை நடக்கும். கன்சோல் மாட்டிய போர்ட்டை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு டிவியையும் கன்சோலையும் ரிமோட்டில் அணைத்தால் போதாது, இரண்டின் பிளக்கையும் பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டு, முதலில் டிவி, அப்புறம் கன்சோல் என்று போடுங்கள். டிவியிடம் முன்பு கேட்டு வைத்திருந்த விவரத்தையே கன்சோல் பிடித்துக்கொண்டிருந்தால் இதில் விட்டுவிடும்.

போர்ட்டை மாற்றிப் பாருங்கள். சில செட்களில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்றோ இரண்டோதான் முழு வேகம் தாங்கும். போர்ட்டுக்குப் பக்கத்தில் அச்சடித்த எழுத்தை டார்ச் அடித்துப் படியுங்கள். `4K 120Hz` என்றோ `4K 60Hz` என்றோ இருந்தால் அதுதான் கன்சோலுக்கு. அதிலேயே `eARC` என்றும் எழுதியிருந்தால் சிக்கல், ஏனென்றால் சவுண்ட்பாரும் அதே இடத்துக்குத்தான் போட்டிபோடும். வேறு முழு வேகப் போர்ட் இருந்தால் கன்சோலை அதற்கு மாற்றுங்கள்.

இப்போதுதான் கன்சோல் செட்டிங். `Resolution` என்பது `Automatic` ஆக இருக்கிறதா? பழைய மெஷின் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், முன்னால் வைத்திருந்தவர் 1080p என்று பூட்டிவிட்டுப் போயிருப்பார். `HDR` என்பது `On When Supported` ஆக இருக்கட்டும்.

முகப்பில் 2160p, கேமுக்குள் போனால் 1080p. இது ஒரு தனி ரகம், நானே முதல்முறை அரை நாள் குழம்பினேன். சில டிவிகள் 120 ஹெர்ட்ஸை 1080p-இல் மட்டும்தான் தாங்கும். 120 ஹெர்ட்ஸ் ஆதரிக்கும் கேம் ஒன்றை அதன் வேக மோடில் திறந்ததும், கன்சோல் 120-ஐப் பிடிக்க ரெசல்யூஷனை விட்டுவிடும். கேம் ஓடும்போதே அந்த விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் `1920 x 1080 - 120Hz` என்று நிற்கும். `120 Hz Output`-ஐ அணைத்தால் 4கே திரும்பிவிடும். எது வேண்டும் என்பது அவரவர் ருசி. கார் பந்தயமும் சுடுகிற விளையாட்டும் ஆடுகிற பையன்கள் 120-தான் வேண்டும் என்பார்கள்.

இதெல்லாம் செய்தும் டிவியின் பட்டியலில் எச்டிஆர் வரவே இல்லை என்றால், செட்டின் வயதைப் பாருங்கள். எச்டிஆரைத் தூக்கிச் செல்லும் எச்டிஎம்ஐ 2.0ஏ என்ற விதி வந்ததே 2015-இல்தான். அதற்கு முந்தைய 4கே டிவியில் எந்தச் செட்டிங்கும் எச்டிஆரைக் கொண்டுவராது. யாரையும் கூப்பிட்டு விசிட்டிங் சார்ஜ் கொடுக்க வேண்டாம்.

## எச்டிஆர் வருகிறது, ஆனால் படம் இருட்டு

எனக்கு வருகிற புகார்களிலேயே நேரம் எடுப்பது இது. கோளாறு என்று சொல்ல முடியாது, ஆனால் காசு கொடுத்தவருக்கு வயிறு எரியும்.

முதலில் எளிதானது. எச்டிஆர் சிக்னல் வந்ததும் டிவி தனக்கென்று வேறொரு படச் செட்டிங் தொகுப்புக்குத் தாவிவிடும். நீங்கள் சாதாரண சேனலில் வெளிச்சத்தை ஏற்றி வைத்தது இதற்குப் பொருந்தாது. அதனால் எச்டிஆர் கேம் ஒன்றைத் திறந்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியின் பட மெனுவுக்குப் போங்கள். கேம் மோடு போட்டிருக்கிறதா? பேக்லைட் முழுசாக ஏறியிருக்கிறதா? சோனியில் இதற்கு `Brightness` என்று பெயர், சிலதில் `Backlight`. எச்டிஆரில் இது உச்சத்தில்தான் இருக்க வேண்டும். அப்புறம் மின்சாரம் மிச்சப்படுத்துகிற எக்கோ மோடு, அறையின் வெளிச்சத்தைப் பார்த்து மங்கவைக்கும் சென்சார், இரண்டையும் அணையுங்கள். இருட்டுப் புகார்களில் பாதி இந்த எக்கோ மோடிலேயே முடிந்துவிடும். கரண்ட் பில்லுக்குப் பயந்து வீட்டுப் பெரியவர் போட்டு வைத்திருப்பார், பையனுக்குத் தெரியாது.

அடுத்தது கன்சோலில் இருக்கும் `Adjust HDR`. டிவி பக்கத்து வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். முன்பே செய்திருந்தால் மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் மோடு மாறினால் அளவும் மாறும். மூன்று திரை வரும். முதல் இரண்டும் உச்ச வெளிச்சத்துக்கு, மூன்றாவது கறுப்புக்கு. ஒவ்வொரு திரையிலும் தெரியும் சின்னம் மங்கி மங்கி, தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இங்கே நடக்கிற தப்பு ஒன்றுதான். "வெளிச்சம் அதிகமானால் நல்லதுதானே" என்று முதல் இரண்டு திரையையும் கடைசி வரை ஏற்றிவிடுவார்கள். அதன் பொருள் என்னவென்றால், என் டிவி பிரமாதமாக ஒளிரும் என்று கன்சோலிடம் பொய் சொல்கிறீர்கள். அதை நம்பி கேமும் டிவியால் முடியாத வெளிச்சத்தை அனுப்பும். டிவி என்ன செய்யும்? அத்தனையையும் தன் கொள்ளளவுக்குள் அமுக்கும். அமுக்குகிறபோது நடு வெளிச்சம் கீழே இறங்கும், முகங்கள் கறுக்கும், மேகத்துக்குள் இருக்கும் விவரம் வெள்ளைத் திட்டாகப் போகும். ஏற்ற ஏற்ற இருட்டாவது இதனால்தான்.

எவ்வளவு ஏற்றினாலும் சின்னம் மறையவே மாட்டேன் என்கிறது என்றால், டிவி தன் பங்குக்குத் தானும் ஒளியைத் திருத்திக்கொண்டிருக்கிறது. கேம் மோடில் `HGIG` என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள், எல்ஜியில் டோன் மேப்பிங் வரியில் இருக்கும், சாம்சங்கிலும் கேம் மோடுக்குள் உண்டு. அதைப் போட்டுவிட்டு அளவை மறுபடி எடுத்தால் சின்னம் ஒழுங்காக ஒரு இடத்தில் மறையும். சோனியின் சில டிவிகளில் பிஎஸ்5 டிவியை அடையாளம் கண்டு இந்த அளவைத் தானே போட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதில் கையை வைக்காமல் இருப்பதே நல்லது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. 43 அங்குல டிவி, அட்டைப்பெட்டியில் எச்டிஆர் என்று கொட்டை எழுத்து. அந்தத் தம்பி எல்லாம் சரியாகவே செய்திருந்தான், விவரப் பக்கத்தில் எச்டிஆர் ஓடுவதாகவே இருந்தது, படம் மட்டும் சாயங்கால மழை மேகம் மாதிரி. மதியம் மூன்று மணி, மேற்கு ஜன்னல் திறந்திருக்கிறது. ஜன்னல் திரையை மூடச் சொல்லி, ஒரே கேமில் ஒரே இடத்தில் நிற்கவைத்து, எச்டிஆரை அணைத்தும் போட்டும் மூன்று முறை காட்டினேன். அணைத்தபோதுதான் நன்றாக இருந்தது. அவனே பார்த்துச் சொன்னான்.

காரணம் பேனல். விலை குறைந்த செட்களில் எச்டிஆர் என்றால் அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் பொருள், அதற்குரிய வெளிச்சத்தைக் காட்டும் என்று பொருள் இல்லை. எச்டிஆர் ஓடும்போது பேக்லைட் ஏற்கெனவே உச்சத்தில்தான் இருக்கிறது, வெயில் அறைக்கு ஏற்றாற்போல் இன்னும் ஏற்ற இடமில்லை. சாதாரணப் படத்தில் அந்த இடம் இருக்கிறது. ஆகவே இந்த மாதிரி செட்டில் `HDR` வரியை `Off` செய்துவிட்டு 4கேவில் ஆடுங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை, மென்பொருள் அப்டேட்டும் இதைச் சரிசெய்யாது.

இன்னொன்று. `HDR` வரியில் `Always On` என்று போட்டிருந்தால் எச்டிஆர் இல்லாத பழைய கேம்களையும் முகப்பையும் கூட எச்டிஆருக்குள் திணித்து அனுப்பும். நல்ல டிவியில் பரவாயில்லை, சுமாரான டிவியில் எல்லாமே சோகையாகத் தெரியும். `On When Supported` போதும்.

## இருட்டு இல்லை, வெளுத்துப்போய் இருக்கிறது

கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூசின மாதிரி. இதில் இரண்டு வழி.

டிவி ரிமோட்டில் விவரம் காட்டும் பட்டனை அழுத்துங்கள். கன்சோல் எச்டிஆர் அனுப்புகிறேன் என்கிறது, டிவி எச்டிஆர் என்று காட்டவே இல்லை, அப்படியென்றால் நடுவில் இருக்கும் மலிவு ஸ்பிளிட்டரோ ஸ்விட்சோ, 'இது எச்டிஆர்' என்ற குறிப்பை முழுங்கிவிட்டுப் படத்தை மட்டும் கடத்துகிறது. அதைத் தூக்கிப் போடுங்கள். சரிசெய்ய வழி கிடையாது.

டிவியும் கன்சோலும் ஒன்றையே சொல்கின்றன, அல்லது எச்டிஆர் இல்லாத கேமிலும் இதே வெளுப்பு என்றால், கறுப்பு அளவில் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. கன்சோலில் `RGB Range`-ஐ `Automatic` ஆக்குங்கள். டிவியில் இதற்கு இணையான வரி சாம்சங்கில் `HDMI Black Level`, எல்ஜியில் `Black Level`, சோனியில் `HDMI video range`. அதையும் தானியங்கியில் விடுங்கள். டிவியில் தானியங்கி இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே வகையாக, கன்சோல் `Limited` என்றால் டிவியும் அதற்குரிய `Low` அல்லது `Limited`, என்று வையுங்கள். தலைகீழாக மாட்டிக்கொண்டால் வெளுப்புக்குப் பதில் நிழலெல்லாம் மைக்குட்டையாகிவிடும். குகைக்குள் எதிரி நிற்பதே தெரியாது.

## ஓரம் வெட்டுப்படுகிறது

கேமில் உயிர் அளவு காட்டும் கோடு பாதி திரைக்கு வெளியே. டிவியின் பட அளவு மெனுவில் எல்ஜியில் `Just Scan`, சாம்சங்கில் `Fit to screen` போன்ற தேர்வைப் போடுங்கள். அவ்வளவுதான். கன்சோலில் திரையைச் சுருக்கி இதைச் சமாளிக்காதீர்கள், கூர்மை போய்விடும்.

## நடுநடுவே திரை ஒரு நொடி அணைந்து வருகிறது

இரண்டு நொடி கறுப்பு, அப்புறம் ஒன்றும் நடக்காதது போல் படம். அல்லது பொட்டுப் பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் மின்னும். பெரும்பாலும் கேபிள், இல்லாவிட்டால் பிளக்.

லாஸ்பேட்டையில் ஒரு மாமா வீட்டில் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், சோதிக்கும் வரிசை அதிலேயே இருக்கிறது. 55 அங்குல டிவி சுவரில், கன்சோல் அறையின் மறுகோடியில் ஷோகேஸுக்குள். வீடு கட்டும்போதே எலக்ட்ரீஷியன் சுவருக்குள் குழாய்விட்டு 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்திருக்கிறார். செட்டாப் பாக்ஸுக்கு வருஷக்கணக்கில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. பிஎஸ்5 வந்ததிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரை அணைகிறது. "டிவி போச்சு, புதுசு வாங்கணும்னு கடையில சொல்லிட்டாங்கப்பா" என்றார்.

விவரப் பக்கத்தில் 3840 x 2160, 60 ஹெர்ட்ஸ், எச்டிஆர், YUV422. எல்லாம் சரி. எச்டிஆரை அணைத்தோம், அப்போதும் அணைந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் கேபிள் நல்லது என்று முடிவுகட்டுகிறார்கள், அது தப்பு. இந்த மாதிரி டிவியில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்றால் எச்டிஆர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேபிளில் ஓடுகிற சுமை நொடிக்குக் கிட்டத்தட்ட 18 ஜிகாபிட்தான். அடுத்து ரெசல்யூஷனை 1080p-க்கு இறக்கினோம். அரை மணி நேரம், ஒரு தடவை கூட அணையவில்லை. திரும்ப 4கேவுக்குப் போய் `4K Video Transfer Rate`-ஐ `-1` ஆக்கினோம், அணைந்தது. `-2` ஆக்கினோம், நின்றுவிட்டது. சுமை குறைந்தால் நிற்கிறது, ஏறினால் அணைகிறது.

உறுதிப்படுத்த, கன்சோலைத் தூக்கிவந்து டிவிக்குக் கீழே ஸ்டூலில் வைத்து, பெட்டியோடு வந்த குட்டிக் கேபிளை நேராகப் போட்டு, `Automatic` ஆக்கி ஒரு மணி நேரம் மாமாவின் பேரனை ஆடவிட்டேன். ஒரு தடவை கூட அணையவில்லை. டிவியும் நல்லது, கன்சோலும் நல்லது, சுவருக்குள் இருக்கும் 10 மீட்டர்தான் வில்லன்.

செம்புக் கேபிள் இந்த வேகத்துக்கு மூன்று மீட்டர் வரை நம்பலாம், ஐந்து மீட்டர் என்றால் பார்த்து வாங்க வேண்டும். 10 மீட்டருக்கு ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள்தான். மாமா வாங்கி வைத்தார், நானும் என் கூட வேலை பார்க்கிற தம்பியும் பழைய கேபிளின் வாலில் புதுசைக் கட்டி, வியர்க்க விறுவிறுக்க ஒன்றரை மணி நேரம் இழுத்தோம். போட்டால் படமே இல்லை. பார்த்தால், ஃபைபர் கேபிளுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. ஒரு பிளக்கில் `Source` என்றும் மறுபக்கம் `Display` என்றும் இருக்கும், சிலதில் `TV` என்று எழுதியிருக்கும். நாங்கள் `Source` முனையை டிவிப் பக்கம் இழுத்து வைத்திருக்கிறோம். மொத்தத்தையும் உருவி, மறுபடி ஒன்றரை மணி நேரம். மாமா இரண்டு தடவை காபி கொடுத்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஃபைபரைச் சுவர் மூலையில் செங்குத்தாக மடக்கக் கூடாது, பிளக்கில் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. உள்ளே கண்ணாடி இழை, முறிந்தால் முறிந்ததுதான்.

புதுக் கேபிள் வாங்க மனசில்லை என்றால் `-2`-இல் விட்டு ஆடுங்கள். நிறத்தின் கூர்மையில் கொஞ்சம் குறையும், மெனு எழுத்தின் ஓரத்தில் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும், சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறவருக்குத் தெரியாது. குட்டிக் கேபிள் வாங்குபவர்கள் அட்டையில் `Ultra High Speed` என்ற ஸ்டிக்கரும் ஸ்கேன் செய்கிற கட்டமும் இருக்கிறதா பாருங்கள். வெறுமனே `8K` என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள்.

கடல் பக்கத்து வீடா? வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் கேபிளை மாற்றுவதற்கு முன்னால் பிளக்கைப் பாருங்கள். இரண்டு வருஷம் கழற்றாமல் இருந்த பிளக்கின் உலோகத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். உப்புக்காற்றின் வேலை. இரண்டு பக்கமும் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிளக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, நான்கைந்து தடவை சொருகி எடுத்துப் போடுங்கள். போர்ட்டுக்குள் ஊசி, சேஃப்டி பின் எதையும் விடாதீர்கள். டிவியைத் துடைக்கிற ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் விட்டவர் ஒருவர் இருந்தார்.

## கன்சோலில் விளக்கு வெள்ளையாக எரிகிறது, படமே இல்லை

டிவியில் சரியான இன்புட்டில்தான் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, டிவியின் இன்னொரு போர்ட், இன்னொரு கேபிள் என்று மாற்றுங்கள். கன்சோலை வேறொரு டிவியில் ஓட்டிவிட்டு இங்கே கொண்டுவந்திருந்தால், இந்த டிவியால் காட்ட முடியாத ஒன்றை அது அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதற்கு சேஃப் மோடு.

கன்சோலை முழுசாக அணையுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப் கேட்கும், விடாதீர்கள். ஏழு நொடி கழித்து இரண்டாவது பீப் கேட்டதும் விடுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் சொருகி பிஎஸ் பட்டனை அழுத்துங்கள், வயர்லெஸ்ஸில் இங்கே வேலை செய்யாது. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாக இருந்தாலும் வேலை செய்யாது. பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் `Change Video Output`-க்குள் போய் ரெசல்யூஷனை மாற்றும் தேர்வைக் கொடுங்கள். கீழே இருக்கும் ரீசெட் வரிகள் பக்கம் போகாதீர்கள், கேம் எல்லாம் அழிந்துவிடும்.

சேஃப் மோடு திரையே வரவில்லை என்றால், இனி செட்டிங் வேலை இல்லை. இப்போது ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு மாற்றுச் சோதனை. இந்தக் கன்சோலைப் பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். இந்த டிவியின் அதே போர்ட்டில் செட்டாப் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் வரவில்லை என்றால் டிவியின் போர்ட் போயிருக்கிறது. வேறு போர்ட் வேலை செய்தால் அதிலேயே ஓட்டுங்கள், ஒரு போர்ட்டுக்காக மெயின் போர்டை மாற்றுவது வீண் செலவு. கன்சோல் இரண்டு டிவியிலும் வரவில்லை என்றால் கன்சோல்தான்.

அப்போது அதன் பின்பக்கம் எச்டிஎம்ஐ போர்ட்டை போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் இருக்கும் நாக்கில் ஊசிகள் வரிசை கலையாமல் நிற்க வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலோ நாக்கு ஆடினாலோ போர்ட் மாற்ற வேண்டும். பார்க்க நன்றாக இருந்தும் படம் வரவில்லை என்றால் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ சிப் போயிருக்கலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, கரண்ட் விட்டு விட்டு வந்த நாட்களுக்கு அப்புறம் இந்த மாதிரி இரண்டு மெஷின் என்னிடம் வந்தன. கேபிள் டிவி ஒயர் வழியாகவும் டிவிக்கு வேண்டாத மின்னழுத்தம் வரும். பிஎஸ்5-இன் பவர் ஒயரில் எர்த் பின் கிடையாது, அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐயைச் சொருகும் நேரத்தில் அந்த வித்தியாசம் எல்லாம் சின்ன ஊசிகள் வழியாகத்தான் பாயும். பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று யாராவது சொன்னால், இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத்தான் எச்டிஎம்ஐயைத் தொடச் சொல்கிறேன்.

போர்ட்டோ சிப்போ மாற்றுவது என் வேலை இல்லை, தெருமுனை மொபைல் கடையில் சாதா சால்டரிங் இரும்பில் செய்கிற வேலையும் இல்லை. ஹாட் ஏர், மைக்ரோஸ்கோப் இரண்டும் வைத்து, கன்சோல் போர்டு தினமும் பார்க்கிறவரிடம் கொடுங்கள். வாரண்டி இருந்தால் அதையும் செய்யாமல் கம்பெனி சர்வீஸுக்கே அனுப்புங்கள். பிஎஸ்5-இன் பிராசசருக்கு மேல் குளிர்விக்க திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள், தெரியாதவர் ஹீட்சிங்கைத் தூக்கினால் அது போர்டில் வழிந்து, எச்டிஎம்ஐ கோளாறாக வந்தது மொத்த மெஷினுமாகப் போகும். கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஹீட்சிங்க் கழட்டுவீங்களா, கழட்டினா லிக்விட் மெட்டலை என்ன செய்வீங்க?" பதில் சொல்லத் தடுமாறினால் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.